விடாத காய்ச்சல், பெருத்த மண்ணீரல், குறைந்துபோன மூவகை அணுக்கள்: காலா அசார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரத்தவியல் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். "புற்றுநோயா இருக்குமோ" என்ற பயத்தோடு எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களில் எப்போதாவது ஒருவருக்கு காலா அசார் என்று தெரியவரும். அப்போது குடும்பத்தார் கேட்கிற கேள்விகளும், சில நேரம் இளம் மருத்துவர்கள் கேட்கிற கேள்விகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

காலா அசாரா? அப்படி ஒரு நோய் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாதே. அது என்ன?

லீஷ்மேனியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி உடலுக்குள் புகுந்து மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்று இடங்களிலும் குடியேறுவதால் வரும் நோய். மருத்துவப் பெயர் உள்ளுறுப்பு லீஷ்மேனியா. காலா என்றால் கறுப்பு. நோய் முற்றியவர்களின் தோல் கறுத்துப் போவதைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் அது.

இந்தியாவில் இது பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி, மேற்கு வங்காளம் ஆகிய இடங்களின் நோய். சூடான், எத்தியோப்பியா, கென்யா, பிரேசில், மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் உண்டு. இந்தியாவில் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனாலேயே ஒரு சிக்கல்: பார்த்துப் பழகாத மருத்துவருக்கு இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துவிடுகிற நோய் என்பதால், நினைவுக்கு வராமல் போவது சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

தொடுவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், இருமலால் ஒட்டாது. பெண் மணல் ஈ கடித்தால்தான் வரும். பெயரில் ஈ இருந்தாலும் அது கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ரீங்காரம் இருக்காது, அதனால் கடித்ததே பலருக்குத் தெரியாது. மண் சுவர் விரிசல்களிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் பகலில் ஒளிந்திருந்து இருட்டியபின் வெளியே வரும்.

இந்தியாவில் ஒட்டுண்ணிக்கு மனிதனே இருப்பிடம். நோயாளியைக் கடித்த ஈ அடுத்தவரைக் கடித்தால் பரவும். ஆகவே அந்த ஈ இருக்கிற ஊரில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வருவது உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் நாய்தான் முக்கிய இருப்பிடம். அங்கே கதை வேறு.

காய்ச்சல் எத்தனை நாள் இருந்தால் இதை நினைக்க வேண்டும்?

நோய் இருக்கும் பகுதியில் இருப்பவருக்கோ அங்கே போய்த் தங்கி வந்தவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரலும் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் பரிசோதித்துவிட வேண்டும். இந்தக் காய்ச்சலுக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. 102, 103 டிகிரி இருக்கும்போதும் ஆள் எழுந்து நடப்பார், ஓரளவு சாப்பிடவும் செய்வார். சிலருக்கு ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். ஆனாலும் வாரத்துக்கு வாரம் உடம்பு வற்றிக்கொண்டே போகும், வயிறு மட்டும் முன்னால் தள்ளும்.

முக்கியமான கேள்வி "எத்தனை நாளாகக் காய்ச்சல்" என்பது மட்டும் இல்லை, "கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் எங்கெல்லாம் தங்கினீர்கள்" என்பதும்தான். ஈ கடித்ததற்கும் காய்ச்சல் தொடங்குவதற்கும் இடையே பொதுவாக இரண்டு முதல் ஆறு மாதம் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகலாம். போன மாதப் பயணத்தை மட்டும் விசாரித்தால் பதில் கிடைக்காது.

மண்ணீரல் ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

ஒட்டுண்ணி வாழ்கிற இடமே அதுதான் என்பதால். கிருமிகளை விழுங்கிச் செரிப்பதற்கென்று உடம்பில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் இருக்கின்றன. லீஷ்மேனியா அவற்றால் விழுங்கப்பட்டும் சாவதில்லை. உள்ளேயே இரண்டாகப் பிரிந்து பெருகி, அணு வெடித்ததும் பக்கத்து அணுவுக்குள் போய்விடும். விழுங்கணுக்கள் நிறைந்த உறுப்பு மண்ணீரல். ஒட்டுண்ணி பெருகப் பெருக அந்த அணுக்களும் பெருகுகின்றன. சாதாரணமாக 150 கிராம் அளவில் இருக்கும் உறுப்பு ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

நல்ல நிலையில் மண்ணீரல் இடது விலா எலும்புக்குள் மறைந்திருக்கும், கைக்கு அகப்படாது. இந்த நோயில் தொப்புளைத் தாண்டி வலது அடிவயிறு வரைகூட வரும். இங்கே ஒரு வேடிக்கையான தவறு நடக்கும். மருத்துவர் இடது விலாவுக்குக் கீழே கை வைத்து அழுத்துவார், எல்லாம் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கும், "மண்ணீரல் இல்லை" என்று எழுதிவிடுவார். அவர் கை இருப்பதே மண்ணீரலின் மேல்தான், அதன் விளிம்பு இன்னும் கீழே இருக்கிறது. அதனால்தான் வலது அடிவயிற்றில் தொடங்கி மெல்ல மேலே போகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒரு அணு குறைந்தால் சரி, மூன்றுமே எப்படி ஒன்றாகக் குறையும்?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். காரணம் ஒன்று இல்லை, மூன்று நான்கு சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, மண்ணீரல் அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாதாரணமாகவே பிளேட்லெட் எனப்படும் நம் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். மண்ணீரல் மிகவும் பெருத்தால் பத்தில் ஒன்பது பங்குவரை அங்கேயே போய்விடும். ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தைத்தான் நாம் எண்ணுகிறோம், ஆக எண்ணிக்கை குறைவாகக் காட்டும். வெள்ளணுக்களுக்கும் ஓரளவு இதே கதிதான். சிவப்பணுக்கள் அங்கே தேங்குவதோடு சீக்கிரம் அழிக்கவும்படுகின்றன. போதாததற்கு, மண்ணீரல் பெருக்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுவதால் ஹீமோகுளோபின் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

இரண்டாவது, தயாரிக்கும் இடமான மஜ்ஜையிலும் ஒட்டுண்ணி இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் மஜ்ஜை காலியாக இருக்காது, அணுக்கள் நெருக்கமாகவே இருக்கும். ஆனால் அழற்சியின் காரணமாக உற்பத்தி ஒழுங்காக முடிவதில்லை. விழுங்கணுக்கள் பக்கத்தில் இருக்கும் நல்ல ரத்த அணுக்களையே விழுங்குவதையும் சில நேரம் பார்க்கலாம். மூன்றாவது, இரும்புச்சத்து உடம்பில் இருந்தும் அழற்சி அதைப் பூட்டி வைத்துவிடுகிறது. இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் இந்த ரத்தசோகை சரியாகாததற்கு அதுதான் காரணம்.

வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் முதலில் சரியும். ஈசினோஃபில் என்ற வகை கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். அறிக்கையின் மூலையில் "ஈசினோஃபில் 0" என்று இருப்பதை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அது பிடித்தமான சின்னத் துப்பு.

அப்படியென்றால் ஆபத்து எதில் இருக்கிறது? ரத்தம் குறைவதிலா?

இந்த நோயாளிகள் பெரும்பாலும் ஒட்டுண்ணியால் நேரடியாகச் சாவதில்லை. வெள்ளணுக்கள் இல்லாத நேரத்தில் வரும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் பாக்டீரியா பரவுவது, கூடவே இருக்கும் காசநோய் ஆகியவைதான் கொல்கின்றன. கடுமையான ரத்தசோகையும் ரத்தக்கசிவும் அதற்கு அடுத்து. ஏற்கெனவே இருக்கும் காய்ச்சலின் குணம் திடீரென்று மாறினால், நடுக்கம், மூச்சிரைப்பு, குழப்பம் வந்தால், இது காலா அசார் காய்ச்சல்தானே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டாவது தொற்று ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

இது ரத்தப் புற்றுநோய் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

காய்ச்சல், பெரிய மண்ணீரல், மூவகை அணுவும் குறைவு என்றால் லுக்கீமியாவும் லிம்போமாவும் பட்டியலில் இருக்கத்தான் செய்யும். சந்தேகப்படுவது தவறே இல்லை. முடிவு சொல்வது மஜ்ஜைப் பரிசோதனைதான்.

அதற்கு முன்பே திசைகாட்டும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு, எல்லா ஆய்வகத்திலும் செய்வது: மொத்தப் புரதம். காலா அசாரில் உடம்பு ஏராளமாக எதிர்ப்புரதங்களைத் தயாரிக்கிறது, ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஒட்டுண்ணிக்கு எதிராகப் பயன்படுவதில்லை. அதனால் குளோபுலின் ஏறி, ஆல்புமின் இறங்கி, வழக்கமான விகிதம் தலைகீழாகிவிடும். கல்லீரல் சுருக்க நோயிலும் மண்ணீரல் பெருத்து அணுக்கள் குறையும், குளோபுலினும் ஏறலாம். ஆனால் வாரக்கணக்கில் இப்படி ஓங்கிய காய்ச்சல் அதற்கு இருக்காது. மலேரியா, டைபாய்டு, காசநோய், ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை ஆகியவற்றையும் கூடவே பார்த்துவிட வேண்டும்.

உண்மையில் ஒருவருக்கு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? முதலிலிருந்து சொல்ல முடியுமா?

நான் பார்த்த சிலரை ஒரே ஆளாகக் கலந்து சொல்கிறேன், அடையாளம் தெரிய வேண்டாம் என்பதற்காக. வயது 31, ஆண், எடை 46 கிலோ, முன்பு 55 இருந்தவர். ஏழு வாரமாகக் காய்ச்சல். முதல் வாரத்தில் டைபாய்டு என்று சொல்லி ஆன்டிபயாடிக். குறையவில்லை. மலேரியா மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காவது வாரத்தில் தட்டணுக்கள் 80,000 என்று வந்ததும் டெங்கு என்றார்கள். டெங்குவில் காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்கி அணுக்களும் ஏறத் தொடங்கிவிடும், நான்கு வாரம் நீடிக்காது. அதை யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் ஓரிடத்தில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மூன்று நாள் காய்ச்சல் விட்டது, எல்லோருக்கும் நிம்மதி. நிறுத்தியதும் பழையபடி வந்தது.

எங்களிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 7.2. வெள்ளணுக்கள் 1,800, அதில் நியூட்ரோஃபில் 30 சதவீதம், ஆக 540தான். தட்டணுக்கள் 62,000. ஈசினோஃபில் பூஜ்யம். மண்ணீரல் விலாவுக்குக் கீழே 11 செ.மீ. மொத்தப் புரதம் 8.4 கிராம், ஆல்புமின் 2.4; மிச்சம் 6 கிராமும் குளோபுலின். எங்கே தங்கினார் என்று மனைவியைக் கேட்டபோதுதான், எட்டு மாதம் முன்பு பீகாரில் ஒரு கட்டட வேலைக்காக மூன்று மாதம் இருந்தது தெரிந்தது. அவரே அதைச் சொல்லவில்லை. காய்ச்சல் ஆரம்பித்தது திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து என்பதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மஜ்ஜை எடுத்தோம். புற்றணுக்கள் இல்லை. முதல் அறிக்கை "எதிர்வினை மஜ்ஜை" என்று மட்டும் வந்தது. பயண விவரத்தைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொன்னதும், ஸ்லைடின் ஓரத்தில், விழுங்கணுக்களுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் சின்ன முட்டை வடிவங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு உருண்டை உட்கரு, பக்கத்தில் குச்சி போல ஒரு புள்ளி. அந்தக் குச்சிக்குப் பெயர் கைனெட்டோபிளாஸ்ட். அது இருந்தால் லீஷ்மேனியா, இல்லாவிட்டால் ஹிஸ்டோபிளாஸ்மாவா என்று யோசிக்க வேண்டும். அதே நாள் எடுத்த ஆர்கே39 பட்டைப் பரிசோதனையும் பாசிட்டிவ்.

மஜ்ஜையில் ஒட்டுண்ணி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்படியென்றால் இந்த நோய் இல்லைதானே?

இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோய் உள்ளவர்களிலேயே மஜ்ஜையில் ஒட்டுண்ணி தென்படுவது சுமார் 50 முதல் 85 சதவீதம் பேருக்குத்தான். மேலே சொன்னவருடைய முதல் அறிக்கையை நினைத்துப் பாருங்கள். பார்ப்பவர் தேடினால்தான் தென்படும், அவசரமாக ஒரு சுற்றுப் பார்த்தால் போதாது. சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்லலாம், அதே மாதிரியில் பி.சி.ஆர். செய்யலாம், தேவைப்பட்டால் வேறிடத்தில் திரும்ப எடுக்கலாம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டில் "காலா அசார் சந்தேகம், இன்ன ஊரில் தங்கியவர்" என்று ஒரு வரி எழுதுங்கள். இதைவிட மலிவான உதவி வேறு இல்லை.

விரல் நுனி ரத்தத்தில் பார்க்கிற ஆர்கே39 பாசிட்டிவ் என்றால் உறுதியா?

இது ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை. ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தில் 39 அமினோ அமிலம் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். அதற்கு எதிராக நம் உடம்பு தயாரித்த எதிர்ப்புரதத்தை இது கண்டுபிடிக்கிறது. பெயரிலுள்ள 39 அங்கிருந்து வந்ததுதான். இந்தியாவில் நன்றாக வேலை செய்கிறது, கிழக்கு ஆப்பிரிக்காவில் அவ்வளவு கச்சிதம் இல்லை.

இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஒருமுறை நோய் வந்து குணமானவருக்குப் பல வருடம் பாசிட்டிவாகவே இருக்கும். நோய் உள்ள ஊரில் எந்தத் தொந்தரவும் இல்லாத சிலருக்கும் பாசிட்டிவ் வரும். அதனால் காய்ச்சலும் மண்ணீரலும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கோட்டுக்கு மதிப்பு. நோய் திரும்பிவிட்டதா என்று பார்க்க இதைப் பயன்படுத்தவே கூடாது, அதற்கு ஒட்டுண்ணியை நேரில் காட்ட வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: எச்.ஐ.வி. உள்ளவருக்கு எதிர்ப்புரதம் சரியாகத் தயாராகாததால் நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டலாம்.

மண்ணீரலில்தான் ஒட்டுண்ணி அதிகம் என்கிறீர்கள். நேரே அங்கேயே ஊசி போட்டு எடுக்க வேண்டியதுதானே?

எடுக்கலாம். அதுதான் மிக நம்பகமான வழியும்கூட, 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடித்துவிடும். இந்த ஒட்டுண்ணி உயிரோடிருந்த நோயாளியிடம் முதலில் அகப்பட்டதே அப்படித்தான். 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனவன் ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்த்தார். அதே ஆண்டு, சில வாரங்களுக்கு முன்புதான், இறந்துபோன சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் தான் கண்டதை வில்லியம் லீஷ்மன் எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனவானி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

ஆனால் மண்ணீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. ஆயிரத்தில் ஒருவருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு ஏற்படலாம். தட்டணுக்கள் 40,000க்குக் கீழே இருந்தாலோ ரத்தம் உறையும் நேரம் நீண்டிருந்தாலோ செய்யக் கூடாது. பழகிய கை, ரத்த வங்கி, அன்று இரவு முழுவதும் நாடியைக் கவனிக்க ஆள், இவை இருந்தால் மட்டுமே. நாங்கள் மஜ்ஜையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பிளேட்லெட் 30 ஆயிரம்தான் இருக்கிறது. உடனே ஏற்ற வேண்டாமா?

எண்ணைப் பார்த்து மட்டும் ஏற்ற வேண்டியதில்லை. ஏற்றுவதில் பெரும்பங்கு நேராக மண்ணீரலுக்குள் போய்த் தங்கிவிடும், மறுநாள் எண்ணிக்கையில் பெரிதாக மாற்றம் இருக்காது. ரத்தம் கசிந்தாலோ, மிக மிகக் குறைந்துவிட்டாலோ, ஏதாவது ஊசிச் செயல்முறைக்கு முன்போ ஏற்றலாம். சிவப்பணு வேறு விஷயம்: மூச்சிரைப்போ இதயத் திணறலோ வருகிற அளவுக்கு ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக. ஏற்கெனவே நீர்ப்பகுதி கூடியிருக்கும் உடம்பு அது.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெருத்த மண்ணீரலுக்கு விலா எலும்பின் பாதுகாப்பு இல்லை. வயிற்றில் அடி படக் கூடாது. வண்டியில் குலுங்கிப் போவதும், பாரம் தூக்குவதும் வேண்டாம். இடது மேல்வயிற்றில் திடீர் வலியோ, அதோடு இடது தோளில் வலியோ, மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு.

ஒரே ஒரு டிரிப்பில் சரியாகிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

இந்தியத் துணைக்கண்டத்தில் தொற்றியிருந்தால் நம்பலாம். லிப்பிட் உறைக்குள் அடைத்த ஆம்ஃபோடெரிசின் பி, கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே முறை. மேலே சொன்னவர் 46 கிலோ, ஆக 460 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். ஒன்பது குப்பி போதாது, பத்தாவதையும் உடைக்க வேண்டும். ஐந்து சதவீத குளுக்கோஸ் திரவத்தில்தான் கலக்க வேண்டும், உப்புத் திரவத்தில் கலந்தால் மருந்து திரிந்துவிடும். இதைச் சொல்ல மறந்து ஒருமுறை விலையுயர்ந்த குப்பிகள் வீணாகப் பார்த்திருக்கிறேன். ஏறும்போது குளிர் நடுக்கமும் முதுகுவலியும் வரலாம். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும்.

லிப்பிட் உறை இருப்பதன் லாபம், அந்தத் துகள்களை விழுங்கணுக்களே விழுங்குவதுதான். ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும் அதே அணுவுக்குள் மருந்தும் போய்ச் சேர்கிறது. ஆனால் எங்கே தொற்றியது என்பது இங்கே மறுபடியும் முக்கியம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே தவணை போதவில்லை, அங்கே வேறு மருந்துக் கூட்டுகள். பழைய ஆன்டிமனி ஊசி பீகாரில் எதிர்ப்பு வளர்ந்து பலனிழந்துவிட்டது. மில்டெஃபோசின் என்ற மாத்திரையும் உண்டு. கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிக்குக் கூடாது, எடுக்கும் பெண்கள் முடிந்தபின்னும் சில மாதம் கருத்தரிக்கக் கூடாது.

மருந்து ஏற்றிப் பத்து நாள் ஆகிவிட்டது. மண்ணீரல் அப்படியே இருக்கிறதே, மருந்து கேட்கவில்லையா?

எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் நாள் காய்ச்சல் நின்றது. இரண்டாம் வாரம் வெள்ளணுக்கள் 3,400, தட்டணுக்கள் 1,20,000. ஒரு மாதத்தில் தட்டணுக்கள் 2,10,000 ஆகிவிட்டன, ஹீமோகுளோபின் 9.4தான், மண்ணீரல் 11 செ.மீ.யிலிருந்து 5 ஆகியிருந்தது. ஆறாம் மாதம் ஹீமோகுளோபின் 13, மண்ணீரல் கைக்கு அகப்படவில்லை. முதலில் காய்ச்சல், அப்புறம் வெள்ளணுவும் தட்டணுவும், பிறகு ஹீமோகுளோபின், கடைசியில்தான் மண்ணீரல். பத்தாம் நாளில் மண்ணீரலை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

குணம் என்று எழுதுவது ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள்ளோ, ஒரு வருடத்துக்குள்ளோ காய்ச்சல் திரும்பி, சுருங்கிய மண்ணீரல் மறுபடி வளர்ந்து, அணுக்கள் இறங்கினால் நோய் திரும்பிவிட்டதா என்று மஜ்ஜையில் தேட வேண்டும்.

ஃபெரிட்டின் பல ஆயிரம் இருக்கிறது, மஜ்ஜையில் அணுக்கள் அணுக்களையே விழுங்குகின்றன. எச்.எல்.எச். என்று சொல்லி கீமோ மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

எச்.எல்.எச். என்பது எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிப் போகும் நிலை. காய்ச்சல், பெரிய மண்ணீரல், அணுக்கள் குறைவு, ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதம் உயர்வது ஆகியவை அதன் அளவுகோல்கள். காலா அசாரும் அதே பெட்டிகளை நிரப்பும், சில நேரம் உண்மையாகவே எச்.எல்.எச். நிலையைத் தூண்டியும் விடும், குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு. ஆக அந்தப் பெயர் தவறாக இருக்காது, பாதிதான் சொல்லியிருக்கும். தூண்டியது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஸ்டீராய்டும் எட்டோபொசைடு என்ற கீமோ மருந்தும் ஒட்டுண்ணிக்கு இன்னும் வசதி செய்து கொடுக்கும். மேலே சொன்னவரின் மூன்று நாள் நிம்மதி அதுதான். நோயாளி மோசமாக இருந்தால் காத்திருக்க முடியாத சந்தர்ப்பம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மருந்தைத் தொடங்கும் நாளிலேயே ஆர்கே39உம் மஜ்ஜை மறுபார்வையும் பி.சி.ஆரும் கேட்டுவிட வேண்டும். ஒட்டுண்ணி கிடைத்துவிட்டால் பலருக்கு ஆம்ஃபோடெரிசின் மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதியிருக்கிறார்கள். எங்களைச் சந்தேகப்படுகிறார்களா?

சந்தேகம் இல்லை, காலா அசார் உறுதியான எல்லோருக்கும் செய்வது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று வேகப்படுத்தும், நோய் திரும்பத் திரும்ப வரும், ஒரே தவணை போதாது. ஆம்ஃபோடெரிசினைப் பல தவணையாக, மில்டெஃபோசினோடு சேர்த்துக் கொடுப்பார்கள். தெரியாமல் ஒற்றைத் தவணை கொடுத்து அனுப்பினால் சில மாதத்தில் அதே வயிற்றோடு திரும்பி வருவார்.

பேசாமல் மண்ணீரலை அறுத்து எடுத்துவிட்டால் அணுக்கள் ஏறிவிடாதா?

கொஞ்ச நாளைக்கு ஏறும். ஒட்டுண்ணி கல்லீரலிலும் மஜ்ஜையிலும் இருந்துகொண்டே இருக்கும், அதோடு மண்ணீரல் இல்லாதவருக்குச் சில பாக்டீரியாத் தொற்று உயிருக்கே வினையாகும். காரணம் தெரியாத பெரிய மண்ணீரல் என்று அறுவை செய்து, எடுத்த மண்ணீரலைச் சோதித்தபோது லீஷ்மேனியா என்று தெரிந்த கதைகள் உண்டு. மருந்திலேயே சுருங்கிவிடுகிற உறுப்பு அது.

குணமாகி இரண்டு வருடம் ஆகிறது. முகத்தில் வெளிர் புள்ளிகள் வந்திருக்கின்றன, காய்ச்சல் எதுவும் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். இந்தியாவில் குணமானவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, ஆறு மாதத்திலிருந்து சில வருடம் கழித்து, தோலில் இப்படி வருகிறது. சூடானில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதுவும் சில மாதங்களிலேயே வந்துவிடும். முகம், கை, உடம்பில் முதலில் வெளிறிய திட்டுகள், பிறகு வாயைச் சுற்றியும் கன்னத்திலும் முடிச்சுகள். தொழுநோய் என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள். இதில் திட்டின் மேல் தொடு உணர்வு கெடாது, நரம்பு தடிக்காது. தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரத்த அணுக்கள் சரியாக இருக்கும், மண்ணீரலும் பெருத்திருக்காது, அதனால் இவர்கள் மருத்துவரிடம் வருவதே இல்லை. ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கிறது, மணல் ஈ அங்கே கடித்தால் எடுத்துக்கொண்டு போகும். சிகிச்சை உண்டு, மில்டெஃபோசின் பன்னிரண்டு வாரம் எடுப்பது ஒரு வழி. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருந்தால் தோல் மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள், முன்பு காலா அசார் வந்தது என்ற தகவல் இல்லாமல் இந்தப் புள்ளிகளை அவராலும் இதோடு சேர்த்துப் பார்க்க முடியாது.